இலக்கணக் குறிப்பு கேள்வியா? முதலில் வினையைப் பிடியுங்கள்

"கோடிட்ட சொல்லுக்கு இலக்கணக் குறிப்பு தருக", "இது எவ்வகை வாக்கியம்?", "பெயரெச்சத்தைத் தேர்ந்தெடு". பள்ளித் தேர்வில் தமிழ் இலக்கணக் கேள்விகள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெயரெச்சம் என்றால் என்ன என்று கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். அதே பெயரெச்சம் ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்திருந்தால் கண்ணில் படாது.

வாக்கியத்தில் உள்ள எல்லாச் சொல்லையும் ஒரே நேரத்தில் வகைப்படுத்தப் பார்ப்பதுதான் சிக்கல். அதை விட்டுவிட்டு, முதலில் வினைகளை மட்டும் தேடுங்கள். வினை முற்றா, எச்சமா, பெயராக மாறிவிட்டதா என்று தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லின் குறிப்பும் கிடைக்கும், வாக்கியம் தனியா தொடரா கலவையா என்பதும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வழியை மட்டும்தான் சொல்கிறது. அணி, யாப்பு, புணர்ச்சி விதிகள் எல்லாம் வேறு கதை.

வினைகளுக்கு அடிக்கோடு போடுவது

கேள்வியில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் குறிப்பு கேட்டிருந்தாலும், வாக்கியத்தில் உள்ள எல்லா வினைகளுக்கும் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். செயலைக் காட்டும் சொல் எதுவானாலும் சரி. படித்த, படித்து, படித்தான், படித்தவன், படித்தல் எல்லாமே இப்போதைக்கு வினைதான். "இல்லை", "உண்டு" என்பவற்றையும் விட்டுவிடாதீர்கள். செயல் தெரியாததால் இவற்றைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் இவை குறிப்பு வினைமுற்றுகள்.

அடிக்கோடு போடும்போதே ஒரு பொறி காத்திருக்கிறது. "படித்துக்கொண்டிருந்தான்" என்பதில் படித்து, கொண்டு, இருந்தான் என மூன்று வினைகள் தெரிகின்றன. ஆனால் நடக்கும் செயல் படிப்பது ஒன்றுதான். கொள், இரு இரண்டும் அந்தப் படிப்பு தொடர்ந்து நடந்தது என்பதைச் சொல்ல வந்த துணைவினைகள். எனவே முழுவதுக்கும் சேர்த்து ஒரே அடிக்கோடு. விடு, போடு, கொடு, பார் போன்றவையும் இப்படித் துணைவினையாக வரும்.

சில நேரம் இது குழப்பும். "எழுதிப் பார்த்தான்" என்றால் முயன்று பார்த்தான் என்று பொருள். கண்ணால் பார்க்கும் வேலை அங்கே இல்லை. ஆக ஒரே வினை. "கதவைத் திறந்து பார்த்தான்" என்றால் திறந்ததும் நடந்தது, கண்ணால் பார்த்ததும் நடந்தது. ஆக இரண்டு வினை. சந்தேகம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். "கதவைத் திறந்து உள்ளே பார்த்தான்" என்பது பொருள் மாறாமல் நிற்கிறது. "எழுதி உள்ளே பார்த்தான்" என்றால் முதலில் இருந்த பொருளே போய்விடுகிறது. செருக முடிந்தால் தனித்தனி வினை, முடியாவிட்டால் துணைவினை.

புள்ளி வைக்க முடிகிறதா?

அடிக்கோடிட்ட ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி, "இங்கே முற்றுப்புள்ளி வைத்தால் பேச்சு முடிந்துவிடுமா?" என்று கேளுங்கள். "மலர் வந்தாள்." முடிந்தது. "மலர் வந்து…" முடியவில்லை, காது இன்னும் எதையோ எதிர்பார்க்கிறது. முடிந்தால் வினைமுற்று, முடியாவிட்டால் எச்சம். பேர்களே அதைத்தான் சொல்கின்றன.

வாக்கியத்தின் கடைசியில் இருந்தால்தான் முற்று என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். "வந்தாள் மலர்" என்று திருப்பிப் போட்டாலும் "வந்தாள்" முற்றுதான். இப்படி முற்று முன்னே வந்து பெயரைக் கொண்டு முடிவதற்கு வினைமுற்றுத் தொடர் என்று பேர். "மலர் வந்தாள்" என்றால் எழுவாய்த் தொடர். தொகாநிலைத் தொடர் கேள்விகளில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. எது முன்னால் நிற்கிறதோ அதன் பேரே தொடருக்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வடிவம் "வரும்". "வண்டி வரும்" என்றால் பேச்சு முடிகிறது, முற்று. "வரும் வண்டி" என்றால் முடியவில்லை, பெயரெச்சம். சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. செய்யும், ஓடும், பாடும் எல்லாம் இப்படித்தான். முற்றாக வரும்போது இதைச் "செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று" என்பார்கள். பழைய இலக்கணப்படி இந்த முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் வராது. அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும் என்றுதான் வரும். ஆகவே "நான்", "நீ", "அவர்கள்" எழுவாயாக இருக்கும் வாக்கியத்தில் "வரும்" போன்ற சொல் தென்பட்டால், அது வேறு ஏதோ ஒரு பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

வினையே இல்லாத வாக்கியமும் உண்டு. "அவர் மருத்துவர்" என்பதில் அடிக்கோடு போட எதுவும் இல்லை. பதற வேண்டாம்; "மருத்துவர்" என்பதே பெயர்ப் பயனிலை. "அவர் யார்?" என்றால் வினாப் பயனிலை.

எதைத் தேடுகிறது?

புள்ளி வைக்க முடியாத வினையிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "நீ எதைத் தேடுகிறாய், பெயரையா வினையையா?" என்பது. "படித்த" என்று நிறுத்தினால் உடனே நாக்கு "யார்? எது?" என்று கேட்கும், படித்த மலர், படித்த கதை. பெயரைத் தேடுவதால் பெயரெச்சம். "படித்து" என்று நிறுத்தினால் "என்ன செய்தாள்?" என்று கேட்கும்; படித்து முடித்தாள். வினையைத் தேடுவதால் வினையெச்சம்.

இங்கே பிள்ளைகள் செய்யும் வழக்கமான தப்பு, பக்கத்தில் இருக்கும் சொல்லை மட்டும் பார்ப்பது. "வந்து நேற்று மாலை என் வகுப்பறையில் அமர்ந்தாள்" என்பதில் "வந்து" என்பதற்குப் பக்கத்தில் "நேற்று" என்ற பெயர் இருக்கிறது. அதனால் பெயரெச்சம் ஆகிவிடாது. அது தேடுவது "அமர்ந்தாள்" என்ற வினையை. அதேபோல "அவள் வாங்கிய சின்னஞ்சிறிய சிவப்புப் பை" என்பதில் "வாங்கிய" தேடும் பெயர் "பை". நடுவில் வரும் இரண்டு சொற்களும் அந்தப் பைக்கு வந்த அடைகள். பென்சிலால் எச்சத்திலிருந்து அது தேடும் சொல்வரை ஒரு வில் வரைந்துவிடுங்கள். வில் எதில் போய் முடிகிறதோ அதுதான் விடை.

பார்த்த உடனே கண்டுபிடிக்க இன்னொரு நல்ல வழி இருக்கிறது, பாடத்தில் இதை வேறு அதிகாரத்தில் வைத்திருப்பதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அகரத்தில் முடியும் எச்சத்துக்குப் பின்னால் க, ச, த, ப என்று தொடங்கும் சொல் வந்தால், நடுவில் வல்லொற்று மிகுந்திருக்கிறதா என்று பாருங்கள். "வந்த பையன்", "படித்த கதை", "நல்ல பாடம்" எதிலும் ஒற்று இல்லை, இவை பெயரெச்சம். "வரச் சொன்னாள்", "படிக்கச் சென்றான்", "மெல்லப் பேசினாள்" எல்லாவற்றிலும் ஒற்று மிகுந்திருக்கிறது; இவை வினையெச்சம். கேள்வித்தாளில் ஒற்றுகள் சரியாக அச்சாகியிருந்தால் இந்த ஓர் எழுத்தே விடையைச் சொல்லிவிடும். ஆனால் இது அகரத்தில் முடியும் சொல்லுக்கு மட்டும்தான். "வந்து போனான்" என்பதில் ஒற்று இல்லை, ஆனால் வினையெச்சம்தான். உகரத்தில் முடிவதால் அதற்கு விதி வேறு.

"மெல்ல", "நல்ல" என்று இப்போது இரண்டு சொற்கள் வந்தன அல்லவா? இவற்றில் காலம் தெரியவில்லை. "நல்ல", "பெரிய", "சிறிய", "கரிய" போன்றவை காலம் காட்டாமல் பெயரைத் தழுவுவதால் குறிப்புப் பெயரெச்சம். "மெல்ல" வினையைத் தழுவுவதால் குறிப்பு வினையெச்சம். "நல்ல" என்ற சொல்லைப் பார்த்ததும் பண்பைச் சொல்கிறதே என்று உரிச்சொல் என எழுதிவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. பள்ளிக் கேள்வியில் வரும் உரிச்சொற்கள் கைக்குள் அடங்கும் சிறு பட்டியல்தான்: சால, உறு, தவ, நனி, கூர், கழி, கடி, மா என்று போகும். அந்தப் பட்டியலில் இல்லாத சொல்லுக்கு உரிச்சொல் என்று எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பாடப்புத்தகங்களில் பெயரடை, வினையடை என்ற பேர்களும் வருகின்றன. நன்னூல் வழியில் வந்த பேர்கள் பெயரெச்சம், வினையெச்சம். பெயரடையும் வினையடையும் தற்கால இலக்கணத்தின் பேர்கள். "நல்ல" என்பதை ஒரு கணக்கில் குறிப்புப் பெயரெச்சம் என்றும் இன்னொரு கணக்கில் பெயரடை என்றும் சொல்லலாம், இரண்டும் சரியே. எதை எழுதுவது என்பதைக் கேள்வியின் தலைப்பு சொல்லிவிடும். "இலக்கணக் குறிப்பு தருக" என்றால் முதல் பேர். "பெயரடை, வினையடைகளை எடுத்து எழுதுக" என்றால் இரண்டாவது.

எதிர்மறை வந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "வாடாத மலர்" எதிர்மறைப் பெயரெச்சம். அதில் கடைசி "த" விழுந்து "வாடா மலர்" என்று வந்தால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒற்று விஷயத்தில் இது மட்டும் தலைகீழ்: "தீராத சிக்கல்" என்பதில் ஒற்று இல்லை, "தீராச் சிக்கல்" என்பதில் ஒற்று மிகும். "கெட்டுப்போன ஈறு எது?" என்று கேட்டு, "த" சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பொருள் அப்படியே இருந்தால் விடை உறுதி.

காலம் காட்டும் எழுத்தே இல்லாமல் வினைப்பகுதி மட்டும் ஒரு பெயரோடு ஒட்டி நின்றால் அது வினைத்தொகை. "வளர்பிறை" என்பதை வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை என்று மூன்று காலத்திலும் விரிக்கலாம். மூன்றும் ஓடினால் வினைத்தொகை. "செங்கதிர்" என்பதை அப்படி விரிக்க முடியாது. அது செம்மையாகிய கதிர், பண்புத்தொகை.

உருபு சேர்த்துப் பாருங்கள்

இதுதான் பலரும் மதிப்பெண்ணை விடும் இடம். வினைபோலத் தோன்றும் ஒரு சொல் உண்மையில் பெயராக வேலை செய்துகொண்டிருக்கும். கண்டுபிடிக்க, அதோடு "ஐ" அல்லது "கு" உருபைச் சேர்த்துப் பாருங்கள். "வந்தவன்": வந்தவனை, வந்தவனுக்கு. சேர்கிறது, பெயர்தான். "வந்தான்": "வந்தானை" என்று இன்றைய பேச்சில் சொல்ல மாட்டோம், முற்று.

பெயர் என்று தெரிந்த பிறகு, "இது செய்தவரைச் சொல்கிறதா, செயலைச் சொல்கிறதா?" என்று கேளுங்கள். "படித்தவள்" ஓர் ஆளைச் சொல்கிறது, காலமும் காட்டுகிறது, வினையாலணையும் பெயர். "படித்தல்", "படிப்பு" என்பவை செயலுக்கே பேராக நிற்கின்றன, காலம் காட்டவில்லை, தொழிற்பெயர். தல், அல், அம், கை, வை, பு, சி, வி, மை போன்ற விகுதிகள் தொழிற்பெயரைக் காட்டிக்கொடுக்கும்: ஓட்டம், வருகை, பார்வை, முயற்சி, கல்வி, கொல்லாமை. கடைசியில் சொன்னது எதிர்மறைத் தொழிற்பெயர். விகுதியே இல்லாமல் பகுதி மட்டும் செயலுக்குப் பேராக நின்றால் (அடி விழுந்தது, இடி கேட்டது) முதனிலைத் தொழிற்பெயர். அந்தப் பகுதியின் முதலெழுத்து நீண்டிருந்தால் முதனிலை திரிந்த தொழிற்பெயர்: கெடு என்பது கேடு, பெறு என்பது பேறு, சுடு என்பது சூடு.

செய்யுளில் இன்னும் கவனம் தேவை. "வந்தார்" பார்க்க முற்றுபோல இருக்கும். "வந்தார்க்கு" என்று வந்துவிட்டால் உருபு சேர்ந்துவிட்டது, எனவே வினையாலணையும் பெயர். "கண்டோர்", "கற்றோர்" என்று ஓகாரத்தோடு வருபவையும் பொதுவாக இந்தக் கூட்டம்தான்.

இப்போது ஒரே சொல்லை மூன்று இடத்தில் வைத்துப் பார்ப்போம். சொல் "வந்தது".

"வண்டி வந்தது." புள்ளி வைத்தாயிற்று, வினைமுற்று.

"நேற்று வந்தது என் தம்பியின் வண்டி." இங்கே "வந்தது" என்பது வந்த அந்தப் பொருளைச் சொல்கிறது. "நேற்று வந்ததைப் பார்த்தேன்" என்று உருபு சேர்க்கலாம். வினையாலணையும் பெயர்.

"அவன் வந்தது எனக்குத் தெரியாது." இங்கே அது ஆளையும் பொருளையும் சொல்லவில்லை, வந்த செயலையே சொல்கிறது. பொருளைப் பார்த்தால் தொழிற்பெயர். ஆனால் பள்ளிப் பாடத்தில் தொழிற்பெயர் காலம் காட்டாது என்று படித்திருப்பீர்கள். இதுவோ இறந்தகாலம் காட்டுகிறது. இந்த உரசல் காரணமாகவே நல்ல வினாத்தாள்களில் இந்த வகை அதிகம் வராது. வந்தால், "வந்தமை" என்று மாற்றிச் சொல்ல முடிகிறதா என்று பார்த்து, முடிந்தால் செயலின் பேர் என்று கொள்ளுங்கள். "அவன் வந்தமை எனக்குத் தெரியாது" நன்றாகவே நிற்கிறது. "வந்தமை என் தம்பியின் வண்டி" நிற்கவில்லை.

முற்றெச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். "கண்டனள் மகிழ்ந்தாள்" என்று இரண்டு முற்றுகள் ஒட்டி நிற்கும். முதல் முற்றை "கண்டு" என்று மாற்றினால் பொருள் சரியாக வரும். முற்று வடிவம், எச்ச வேலை. செய்யுள் வரிகளில்தான் இது அதிகம்.

வாக்கிய வகைக்கு வரும்போது

இப்போது வினைகள் கையில் இருக்கின்றன. இனி எழுவாய்களை மட்டும் எண்ண வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டு, பதிலை அதன் தலைமேல் எழுதுங்கள்.

ஒரே பயனிலைதான் இருக்கிறது என்றால் தனி வாக்கியம். எழுவாய் எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. "மலரும் குமரனும் வந்தார்கள்" தனி வாக்கியம்தான். இரண்டு பேர் வந்ததால் இது தொடர் வாக்கியம் என்று எழுதிவிடுவார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே எழுவாய் பல வினைகளைச் செய்தால் தொடர் வாக்கியம்: "மலர் எழுந்து, பாடத்தைப் படித்துவிட்டு, பள்ளிக்குப் போனாள்." இதில் முற்று ஒன்றுதான் என்று சிலர் தனி வாக்கியம் என்பார்கள். பள்ளிக் கணக்கில் எழுந்து, படித்துவிட்டு என்பவையும் மலரின் பயனிலைகளாகவே எண்ணப்படும். எல்லாவற்றின் தலைமேலும் மலர் பேரே வருகிறது, அதுதான் தொடர் வாக்கியத்தின் அடையாளம்.

தலைமேல் வேறு பேர் வந்துவிட்டால் கலவை வாக்கியத்தைத் தேடுங்கள். "மழை பெய்ததால் ஆட்டம் நின்றது." பெய்தது மழை, நின்றது ஆட்டம். "ஆட்டம் நின்றது" தனியாக நிற்கும், அது முதன்மை வாக்கியம். "மழை பெய்ததால்" தனியாக நிற்காது, அது சார்பு வாக்கியம். சார்பைக் காட்டிக்கொடுக்கும் சொற்களும் உருபுகளும் சில உண்டு: என்று, என, -ஆல், -ஆலும், போது, முன், பிறகு, வரை. இவை கண்ணில் பட்டால், அதற்கு முன்னால் தனக்கென ஓர் எழுவாய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "வீட்டுக்கு வந்தபோது மலர் களைத்திருந்தாள்" என்பதில் "போது" இருக்கிறது. ஆனால் வந்தவளும் களைத்தவளும் ஒருத்தியே. இப்படிப்பட்ட வாக்கியத்தில் விடைக்குறிப்புகள் மாறுபடலாம், உங்கள் பாடப்புத்தகத்தின் எடுத்துக்காட்டைப் பின்பற்றுவது நல்லது. "ஆனால்", "ஆகவே" போன்ற சொற்களால் இரண்டு முழு வாக்கியங்களை இணைத்தால் சில புத்தகங்கள் கூட்டு வாக்கியம் என்று தனிப் பேர் கொடுக்கும். அந்தப் பேர் உங்கள் பாடத்தில் இருந்தால் எழுதுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுக்கப் பிரிப்போம்

"நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த மலர், மழை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கையில் இருந்த நல்ல நூல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரைந்து வீடு திரும்பினாள்."

முதல் அடிக்கோடு "படித்துக்கொண்டிருந்த". துணைவினைகளோடு சேர்த்து ஒரே வினை. புள்ளி வைக்க முடியாது. யார் என்று கேட்கிறது, வில் "மலர்" மேல் போய் முடிகிறது. பெயரெச்சம்.

அடுத்து "வரும்". பின்னால் "என்று" இருக்கிறது; அதற்குமுன் "மழை வரும்" என்பதில் புள்ளி வைக்கலாம். ஆகவே முற்று. "என்று" என்பதைத் தாண்டி "யாரோ" இருப்பதால் "வரும் யாரோ" என்று சேர்த்துப் படித்துவிடாதீர்கள். "என்று" பிறப்பால் வினையெச்சம், ஆனால் இங்கே இரண்டு தொடர்களை இணைக்கும் இடைச்சொல்லாக நிற்கிறது.

"சொன்னதை" என்பதில் ஐ உருபு வெளிப்படையாகவே இருக்கிறது. பெயர். யாரோ சொன்ன செய்தியைக் குறிக்கிறது, காலமும் காட்டுகிறது, வினையாலணையும் பெயர். "கேட்டு" வினையைத் தேடுகிறது, வினையெச்சம்.

"இருந்த" என்பதன் வில் "நல்ல" என்பதைத் தாண்டி "நூல்கள்" வரை போகிறது, பெயரெச்சம். "நல்ல" காலம் காட்டவில்லை, குறிப்புப் பெயரெச்சம். "திருப்பிக் கொடுத்துவிட்டு" முழுவதும் ஒரு வினையெச்சம். "விரைந்து" வினையெச்சம், எப்படித் திரும்பினாள் என்பதைச் சொல்வதால், வினையடை கேட்டிருந்தால் இதை எடுத்து எழுதலாம். "திரும்பினாள்" வினைமுற்று, செய்தவளும் காலமும் தெளிவாகத் தெரிவதால் தெரிநிலை வினைமுற்று.

இனி தலைமேல் பேர்கள். திரும்பியது மலர், வருவது மழை, சொன்னது யாரோ. மூன்று வெவ்வேறு பேர்கள், எனவே கலவை வாக்கியம். "மலர் வீடு திரும்பினாள்" முதன்மை. "மழை வரும் என்று யாரோ சொன்னது" சார்பு. சரிபார்க்க, "மழை வரும்" என்பதிலிருந்து "கேட்டு" வரை விரலால் மூடிவிடுங்கள். மிஞ்சியதில் கொடுத்தவளும் திரும்பியவளும் மலரே, இப்போது அது தொடர் வாக்கியம். "திருப்பிக் கொடுத்துவிட்டு" வரை உள்ளதையும் மூடினால், "விரைந்து" வெறும் அடையாகிவிட, தனி வாக்கியம் மிஞ்சும். இப்படி மூடித் திறந்து பார்ப்பதைவிட மூன்று வகையையும் வேகமாகப் பழக வேறு வழி எனக்குத் தெரியாது.

பொருள் நோக்கில் கேட்டால் இது செய்தி வாக்கியம். செய்தி, வினா, விழைவு, உணர்ச்சி என்ற நான்கில் தடுமாற வைப்பது விழைவு மட்டும்தான். கட்டளை மட்டும் விழைவு என்று நினைக்கிறார்கள். "நீடு வாழ்க" என்ற வாழ்த்தும், "தயவுசெய்து உட்காருங்கள்" என்ற வேண்டுதலும், வசவும்கூட அதில் அடங்கும். க, இய, இயர் என்று முடியும் வியங்கோள் வினைமுற்றைக் கண்டால் விழைவு என்று உடனே எழுதலாம். "எவ்வளவு உயரம்!" என்பதில் வினாச்சொல் இருக்கிறது, ஆனால் பதில் யாரும் எதிர்பார்க்கவில்லை, அது உணர்ச்சி.

விடை எழுதும்போது எவ்வளவு குறுகிய பேரை நிரூபிக்க முடியுமோ அந்தப் பேரை எழுதுங்கள். தெரிவுகளில் "பெயரெச்சம்", "எதிர்மறைப் பெயரெச்சம்" இரண்டும் இருந்து, சொல் "வாடாத" என்றால் இரண்டாவதுதான் விடை. நிரூபிக்க முடியாத அடைமொழியைச் சேர்க்கவும் வேண்டாம். அப்புறம், வாக்கியமே தராமல் "வரும்" என்று மொட்டையாக ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால், அது வந்த பாடலடியை நினைவுபடுத்திப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் தெரிவுகளில் முற்று இருக்கிறதா, பெயரெச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதை எழுத வேண்டியதுதான்.